வாட்ஸ்அப் குறிப்புகளிலிருந்து முதல் வாரப் பட்டியல்: இ-சேவை மையத்தில் புதிதாகச் சேர்பவருக்கு

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாளே இ-சேவை மையங்களில் வரிசை நீளத் தொடங்கிவிடும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் என்று கல்லூரிச் சேர்க்கைக்குத் தேவையான எல்லாவற்றுக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். பல மையங்களில் புதிதாக ஓர் ஆபரேட்டரை வேலைக்கு எடுப்பதும் இந்த நேரத்தில்தான். ஆனால் அவரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. "குரூப்ல சேர்த்து விட்டிருக்கேன்மா, மேல போய்ப் படிச்சுப் பாரு, எல்லாம் இருக்கு" என்பதோடு பயிற்சி முடிந்துவிடும்.

அந்தக் குழுவில் எல்லாம் இருப்பது உண்மைதான். ஆபரேட்டர்கள் மாதக்கணக்காக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட நல்ல குறிப்புகள் அதில் கிடக்கும். ஆனால் அவை எந்த வரிசையில் இருக்கின்றன என்று பாருங்கள். என்றைக்குச் சிக்கல் வந்ததோ அன்றைக்குப் பதிவான வரிசை அது. புதியவருக்கோ, எது எப்போது தேவைப்படுமோ அந்த வரிசை வேண்டும். முதல் நாள் காலையில் தெரிய வேண்டிய விஷயம் மார்ச் மாதச் செய்திகளுக்கு நடுவில் இருக்கும். பட்டியல் தயாரிக்கும் வேலையில் பெரும்பகுதி இந்த வரிசையை மாற்றுவதுதான். நீங்கள் மையம் நடத்துபவராகவோ, அங்கே மூத்த ஆபரேட்டராகவோ இருந்தால், ஒரு மதிய நேரத்தில் இதைச் செய்து முடிக்கலாம். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: குறிப்புகளை ஓரிடத்தில் சேருங்கள்

வாட்ஸ்அப் குழுவைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, `More`, பிறகு `Export chat` என்று போனால், உரையாடல் முழுவதும் ஒரே எழுத்துக் கோப்பாகக் கிடைக்கும். படங்களோடு வேண்டுமா என்று கேட்கும்போது `Without media` என்பதையே தேர்ந்தெடுங்கள். சந்தேகம் கேட்பதற்காகப் பொதுமக்களின் ஆதார் அட்டை, குடும்ப அட்டை படங்களை யாராவது குழுவில் போட்டிருக்கக்கூடும். அவை இன்னொரு கோப்பாகப் பெருகக் கூடாது. கோப்பை உங்களுக்கு மட்டும் அனுப்பிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது, குரல் பதிவுகள் இந்தக் கோப்பில் வராது. அந்த இடத்தில் `<Media omitted>` என்று மட்டும் இருக்கும். நல்ல குறிப்புகள் பலவற்றை மூத்தவர்கள் தட்டச்சு செய்யாமல் பேசித்தான் அனுப்பியிருப்பார்கள். எனவே அப்படி வரும் இடத்தில் தேதியைப் பார்த்து, குழுவில் அந்தப் பதிவைக் கேட்டு, ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது, செய்திகள் தானாக மறையும் வசதியைக் குழுவில் இயக்கி வைத்திருந்தால் பழைய குறிப்புகள் ஏற்கெனவே போயிருக்கும். அவற்றை மூத்தவர்களிடம் நேரில் கேட்டுத்தான் எழுத முடியும்.

கோப்பு முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. "பண்ணாதீங்க", "மறக்காதீங்க", "ரிட்டர்ன்", "முதல்ல", "கேளுங்க" போன்ற சொற்களைத் தேடுங்கள். குறிப்புகள் பெரும்பாலும் இந்தச் சொற்களோடுதான் வரும்.

ஒரு மையத்தின் குழுவில் இப்படித் தேடி எடுத்தால் கிடைக்கக்கூடியவை ஏறத்தாழ இப்படி இருக்கும். மாதிரிக்குப் பன்னிரண்டை வைத்துக்கொள்வோம்:

1. "ஜெராக்ஸ ஸ்கேன் பண்ணாதீங்க. ஒரிஜினல் கேட்டு வாங்குங்க."
2. "புதுசா கேன் போடறதுக்கு முன்னாடி தேடிப் பாருங்க. பழைய கேன் இருந்தா அதையே எடுங்க."
3. "ஓடிபி வரலன்னா நம்ம நம்பர் குடுத்து முடிச்சிடுங்க, கூட்டம் நிக்குது."
4. "தமிழ்ப் பேரு தானா வர்றத நம்பாதீங்க. ல, ள, ழ பாருங்க."
5. "ஃபைல் சைஸ் 200 கேபிக்குள்ள இருக்கணும்."
6. "பணம் கட் ஆகி ரசீது வரலன்னா மறுபடி கட்டாதீங்க. முதல்ல ஸ்டேட்டஸ் பாருங்க."
7. "சுய உறுதிமொழியில கையெழுத்து இல்லாம அப்லோட் பண்ணிடாதீங்க."
8. "முதல் பட்டதாரிக்கு அண்ணன், அக்கா படிப்பு விவரமும் கேளுங்க."
9. "என் ஐடில போட்டுக்கோ, பாஸ்வேர்ட் பழசுதான்."
10. "சாயந்திரம் டெஸ்க்டாப்ல கெடக்கற ஸ்கேன் எல்லாம் அழிச்சிடுங்க."
11. "திரும்பி வந்தது இருக்கான்னு தினமும் காலைல பாருங்க. ஒண்ணு ரெண்டு நாளா அப்படியே கெடக்குது."
12. "பிரிண்டர்ல பேப்பர் சிக்கினா பின்பக்க மூடியத் திறங்க."

கேன் எண் என்பது வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை பதிவு செய்து தரப்படும் எண். அடுத்த முறை வேறு சான்றிதழுக்கு வந்தாலும் அதே எண்தான். மேலே உள்ள குறிப்புகளில் சில இந்த எண்ணைச் சுற்றியே வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

படி 2: மூன்றாகப் பிரியுங்கள்

பன்னிரண்டையும் அப்படியே பட்டியலில் போட்டுவிட்டால், அது இன்னொரு குழு உரையாடலாகத்தான் இருக்கும். ஒவ்வொரு குறிப்பையும் எடுத்து, இது என்ன வகை என்று கேளுங்கள்.

*ஒவ்வொரு விண்ணப்பத்திலும், அல்லது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியவை.* 1, 2, 4, 7, 10, 11 ஆகியவை இந்த வகை. இவற்றைப் புதியவர் கையால் செய்து பழக வேண்டும். முதல் வாரப் பட்டியல் இவற்றால்தான் ஆனது.

*தேவைப்படும்போது பார்த்துக்கொள்ள வேண்டியவை.* 5, 6, 8, 12 இந்த வகை. பிரிண்டரில் காகிதம் சிக்குவது எப்போது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. இதைத் திங்கட்கிழமை சொல்லிக்கொடுத்தால் வியாழக்கிழமை மறந்திருக்கும். இவை ஓர் அட்டையில் எழுதப்பட்டு மேசைக்கு அருகில் ஒட்டப்பட வேண்டும். பட்டியலில் வர வேண்டியது "அட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்" என்ற ஒரே வரிதான்.

*பட்டியலில் வரவே கூடாதவை.* 3, 9 இந்த வகை. குழுக்களில் நல்ல குறிப்புகளோடு குறுக்கு வழிகளும் சேர்ந்தேதான் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே குரலில், ஒரே அக்கறையோடு சொல்லப்பட்டிருக்கும். புதியவரால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. "குரூப்ல படிச்சுக்கோ" என்று விடுவதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான்.

மூன்றாவது குறிப்பை எடுத்துக்கொள்வோம். வரிசையில் இருபது பேர் நிற்கிறார்கள். ஓடிபி வரவில்லை. மையத்தின் கைபேசி எண்ணைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அன்றைக்கு எந்தக் கெடுதலும் தெரியாது. ஆனால் விண்ணப்பத்தில் கூடுதல் ஆவணம் கேட்டாலோ, சான்றிதழ் தயாரானாலோ, அந்தக் குறுஞ்செய்தி மாணவிக்குப் போகாது, மையத்துக்குத்தான் வரும். மையத்தில் நூறு செய்திகளுக்கு நடுவில் அதை யாரும் பார்க்க மாட்டார்கள். மாணவி வீட்டில் காத்திருப்பார். கலந்தாய்வு தேதி நெருங்கும்போதுதான் விசாரிக்க வருவார். அதோடு முடியாது. அடுத்த முறை அந்தக் குடும்பம் வேறு ஊரில், வேறு மையத்தில் விண்ணப்பிக்கப் போனால் ஓடிபி மறுபடியும் இங்கேதான் வரும். அந்த எண்ணை வைத்திருந்த ஆபரேட்டர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தால் சிக்கல் இரண்டு மடங்கு.

இப்படிப்பட்ட குறிப்பை வெறுமனே நீக்கினால் போதாது. ஓடிபி வராத பிரச்சினை அப்படியேதான் இருக்கும். புதியவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார், அவர் பழைய குறுக்கு வழியையே சொல்லிக்கொடுப்பார். அதனால் அதே இடத்தில் சரியான வழியை எழுதி வையுங்கள்: "விண்ணப்பதாரரின் சொந்த எண் அல்லது குடும்பத்தினர் எண் மட்டும். ஓடிபி வராவிட்டால், ஆதாரில் எந்த எண் இருக்கிறது, கேன் பதிவில் எந்த எண் இருக்கிறது என்று கேள். கைபேசி வீட்டில் இருந்தால் எடுத்து வரச் சொல், வரிசையில் மறுபடி நிற்க விடாதே. எண் பழையது என்றால் மூத்தவரிடம் அனுப்பு." கூட்டத்துக்கு நடுவில் குறுக்கு வழி தேவைப்படாமல் செய்வது, "வரிசையில் மறுபடி நிற்க விடாதே" என்ற அந்தச் சின்ன வரிதான்.

ஒன்பதாவது குறிப்புக்கும் இதே முறை. உள்நுழைவுக் கணக்கு யாருக்குத் தரப்பட்டதோ, அதில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. புதியவருக்குக் கணக்கு வரும்வரை அவர் என்ன வேலை செய்யலாம் என்று எழுதி வைக்காவிட்டால், பாஸ்வேர்டைப் பகிர்வது தவிர யாருக்கும் வேறு வழி தெரியாது. அவர் ஆவணம் சரிபார்க்கலாம், ஸ்கேன் செய்யலாம், கணக்கு உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். முதல் வாரத்துக்கு இந்த வேலையே போதும்.

படி 3: ஒவ்வொரு குறிப்பையும் 'செய்தேன்' என்று எழுதுங்கள்

பட்டியலில் "ஸ்கேன் தெரிந்துகொள்ளவும்" என்று ஒரு வரி இருந்தால் அதில் எப்போது டிக் அடிப்பது? யாருக்கும் தெரியாது. "தெரியும்", "புரிந்தது", "கவனம்" போன்ற சொற்கள் வரும் வரிகள் எல்லாம் இப்படித்தான். வரியைப் புதியவரே சொல்லக்கூடிய மாதிரி, முடிந்த வேலையாக எழுதிப் பாருங்கள். ஒரு வரியில் ஒரே வேலை. அது சரியாக முடிந்ததா என்று இன்னொருவர் கண்ணால் பார்க்க முடிய வேண்டும்.

முதல் குறிப்பு இப்படி மாறும்: "ஐந்து அசல் ஆவணங்களை ஸ்கேன் செய்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் சான்றிதழ் எண், முத்திரை, கையெழுத்து மூன்றையும் படிக்க முடிகிறது."

நான்காவது குறிப்பு: "ஐந்து பேரின் பெயரைத் தமிழில் சரிபார்த்தேன். ஒவ்வொருவரிடமும் திரையைக் காட்டி, எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி, ஒப்பிட்டேன்." ஆங்கிலப் பெயரை வைத்துக் கணினி தரும் தமிழ்ப் பெயர் பல நேரம் சரியாகவே இருக்கும் என்பதால் கண் பழகிவிடும். வள்ளி என்பது வல்லி ஆவதும், கண்ணன் என்பது கன்னன் ஆவதும் எளிதில் நடந்துவிடும். அந்தத் தவறு கண்ணுக்குத் தெரிவது சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான். ஆகவே இந்த வரியில் முக்கியமானது திரையை விண்ணப்பதாரருக்குக் காட்டுவது.

ஐந்தாவது குறிப்பில் வேறொரு பாடம் இருக்கிறது. "200 கேபி" என்பது அந்தச் செய்தி அனுப்பப்பட்ட நாளில், அந்த ஆவணத்துக்குச் சரியாக இருந்திருக்கும். புகைப்படத்துக்கு ஓர் அளவு, ஆவணத்துக்கு ஓர் அளவு இருக்கும். தளம் மாறும்போது அளவும் மாறலாம். எண்ணை அட்டையில் எழுதினால் ஒருநாள் அது பொய்யாகிவிடும், ஆனாலும் யாரும் திருத்த மாட்டார்கள். எண் எங்கே இருக்கிறது என்பதை எழுதுங்கள்: "அப்லோட் பக்கத்தில் அந்த ஆவணத்துக்கு எதிரே உள்ள அளவைப் படி, அதற்குள் குறை. குறைத்த பிறகு மறுபடி திறந்து, படிக்க முடிகிறதா பார்." கட்டணத்துக்கும் இதே விதிதான். குழுவில் யாரோ சொன்ன தொகையை எழுத வேண்டாம். மையத்தில் வைத்துள்ள கட்டணப் பலகையையும், திரையில் வரும் தொகையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 4: நாள்வாரியாக வரிசைப்படுத்துங்கள்

இப்போது கையில் பத்துப் பதினைந்து வரிகள் இருக்கும். எதை எந்த நாளில் வைப்பது என்று மூன்று கேள்விகளால் முடிவு செய்யலாம்.

முதல் கேள்வி, இது முடிய வேறு யாராவது கையெழுத்துப் போட வேண்டுமா? அப்படியானால் அது திங்கட்கிழமை காலை. உள்நுழைவுக் கணக்கு இதற்கு நல்ல உதாரணம். அது நம் கையில் இல்லை, நாளாகும். வாரக் கடைசியில் ஞாபகம் வந்தால் அடுத்த வாரமும் போய்விடும்.

இரண்டாவது கேள்வி, இது தவறினால் திருத்த முடியுமா? ஸ்கேன் மங்கலாக இருந்தால் சமர்ப்பிப்பதற்கு முன் மறுபடி எடுக்கலாம். ஆனால் சமர்ப்பித்துப் பணம் கட்டிய பிறகு விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போகத் தொடங்கிவிடும். அங்கே ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டால் திரும்பி வந்து, ஆளைக் கூப்பிட்டு, மறுபடி அனுப்ப வேண்டும். எனவே திருத்த முடிந்த வேலைகளை முதலில் வையுங்கள். சமர்ப்பிக்கும் பொத்தானைத் தொடும் வேலை, அதற்கு முன் உள்ள எல்லாம் கைவந்த பிறகுதான்.

மூன்றாவது கேள்வி, இது முதல் வாரத்தில் தேவையா? முதல் பட்டதாரி சான்றிதழில் குடும்பத்தில் உள்ள எல்லோருடைய படிப்பையும் பார்க்க வேண்டியிருக்கும். அது அவசியமானதுதான், ஆனால் ஒரு சான்றிதழ் முழுமையாகக் கைவராத நிலையில் இரண்டாவதைத் தொடங்கினால் ஆவணப் பட்டியல்கள் கலந்துவிடும். முதல் வாரத்துக்கு ஒரே சான்றிதழ் போதும். கீழே உள்ள மாதிரியில் சாதிச் சான்றிதழை எடுத்திருக்கிறோம். மற்றவை இரண்டாம் வாரம்.

மாதிரிப் பட்டியல்

ஒவ்வொரு வரிக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் இருக்கட்டும். ஒன்று புதியவருக்கு, இன்னொன்று பார்த்து உறுதி செய்யும் மூத்தவருக்கு.

*திங்கள்: பார்ப்பது*
- உள்நுழைவுக் கணக்குக்கான என் விவரங்களை மையப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன்.
- யாருடைய பாஸ்வேர்டையும் கேட்கவோ, பயன்படுத்தவோ மாட்டேன் என்பதைப் படித்துக் கையெழுத்திட்டேன்.
- குறிப்பு அட்டையும் கட்டணப் பலகையும் இருக்கும் இடத்தைப் பார்த்தேன்.
- ஒரு சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தை ஆரம்பம் முதல் ஒப்புகைச் சீட்டு வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

*செவ்வாய்: ஆவணங்கள்*
- ஐந்து பேரின் ஆவணங்களை, வரிசையில் நிற்கும்போதே திரையில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டேன்.
- குறை இருந்தவருக்கு எது இல்லை என்று தாளில் எழுதிக் கொடுத்தேன்.
- ஐந்து அசல் ஆவணங்களை ஸ்கேன் செய்தேன். எண், முத்திரை, கையெழுத்தைப் படிக்க முடிகிறது.
- மாலையில் கணினியில் மிச்சமிருந்த ஸ்கேன்களை அழித்தேன். குப்பைத் தொட்டிக் கோப்புறையையும் காலி செய்தேன்.

*புதன்: பெயரும் எண்ணும்*
- மூன்று பேருக்கு, புதிய கேன் பதிவதற்கு முன் பழையது இருக்கிறதா என்று தேடுவதை மூத்தவருடன் செய்தேன்.
- ஐந்து பேரின் தமிழ்ப் பெயரை, திரையை அவர்களுக்குக் காட்டிச் சரிபார்த்தேன்.
- பதிவில் உள்ள கைபேசி எண் விண்ணப்பதாரருடையதுதான் என்று ஐந்து பேரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன்.
- ஓடிபி வராதபோது என்ன செய்வது என்பதை மூத்தவரிடம் சொல்லிக் காட்டினேன்.

*வியாழன்: பதிவேற்றம்*
- மூன்று விண்ணப்பங்களுக்கு ஆவணங்களை, தளம் கேட்கும் அளவுக்குள் குறைத்துத் தயார் செய்தேன்.
- சுய உறுதிமொழியில் கையெழுத்து இருப்பதைப் பார்த்த பிறகே ஸ்கேன் செய்தேன்.
- ஒவ்வொரு கோப்பும் அதற்குரிய தலைப்பில்தான் ஏறியிருக்கிறது என்று திறந்து பார்த்தேன்.

*வெள்ளி: சமர்ப்பிப்பது*
- மூத்தவர் பார்க்க, இரண்டு விண்ணப்பங்களைக் கட்டணம் வரை கொண்டுசென்றேன். என் கணக்கு வரவில்லை என்றால், மூத்தவர் செய்ய நான் ஒவ்வொரு அடியையும் சொன்னேன்.
- பணம் போய் ரசீது வராவிட்டால் எங்கே நிலை பார்ப்பது என்று செய்து காட்டினேன்.
- ஒப்புகைச் சீட்டில் விண்ணப்ப எண்ணைச் சுட்டிக்காட்டிக் கொடுத்தேன்.

*சனி: திரும்பிப் பார்ப்பது*
- திரும்பி வந்த விண்ணப்பங்களைத் திறந்து, காரணத்தைப் படித்தேன்.
- அவற்றில் ஒருவரைக் கைபேசியில் அழைத்து, என்ன கொண்டு வர வேண்டும் என்று சொன்னேன்.
- இந்த வாரம் பட்டியலில் இல்லாமல் நான் கேட்க வேண்டியிருந்த கேள்விகளை எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை வேலைகள் எளிமையாகத் தோன்றும். ஆனால் புதியவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. செவ்வாய்க்கிழமை ஸ்கேனை ஏன் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னார்கள் என்பது, "ஆவணம் தெளிவாக இல்லை" என்று திரும்பி வந்த விண்ணப்பத்தைப் பார்க்கும்போதுதான் புரியும். அதற்காக ஒரு தாயை வேலையை விட்டுவிட்டு மறுபடி வரச் சொல்லிப் பேசிய பிறகு மறக்கவே மறக்காது.

இது வாரப் பட்டியல் என்பதால், தினமும் செய்ய வேண்டியவை (காலையில் திரும்பியவற்றைப் பார்ப்பது, மாலையில் ஸ்கேன்களை அழிப்பது) தனியாக மேசைமேல் இருக்கட்டும். வாரம் முடிந்த பிறகும் அவை தொடரும்.

படி 5: சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பட்டியலை மூத்தவர்களிடம் காட்டினால் "நல்லா இருக்கு" என்பார்கள். அவர்களுக்கு எல்லாம் பழகிவிட்டதால், நடுவில் ஓர் அடி விட்டுப்போனாலும் மனசு தானாக நிரப்பிக்கொள்ளும். உங்கள் மையத்தில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் காட்டுங்கள். "அக்கா, கேன் தேடறதுக்கு எந்த பக்கத்துக்குப் போகணும்னு இதுல இல்லையே" என்று அவர்தான் சொல்வார்.

புதியவர் பட்டியலோடு வேலை செய்யும் வாரத்தில் மூன்று அடையாளங்களைக் கவனியுங்கள். அவர் குழுவிலோ நேரிலோ கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் விட்டுப்போன ஒரு வரி, அல்லது தவறான நாளில் வைக்கப்பட்ட ஒரு வரி. எல்லாக் கட்டங்களிலும் சனிக்கிழமை ஒரே பேனாவால், ஒரே வேகத்தில் டிக் விழுந்திருந்தால், வேலை நடக்காமல் தாள் மட்டும் நிரம்பியிருக்கிறது. அப்போது வரிகளைக் குறைத்து, மூத்தவருடைய கட்டத்தை அன்றன்றைக்கே நிரப்பச் செய்யுங்கள். மூன்றாவது அடையாளம் அடுத்த மாதம் தெரியும். அவர் கையாண்ட விண்ணப்பங்களில் திரும்பி வந்தவற்றின் காரணங்களைப் பாருங்கள். ஸ்கேன், பெயர், கையெழுத்து ஆகியவற்றால் திரும்பியவை இருந்தால் அது பட்டியலின் குறை. விண்ணப்பதாரரிடம் ஆவணமே இல்லாததாலோ, கள விசாரணையாலோ திரும்பியவற்றை எந்தப் பட்டியலாலும் தடுக்க முடியாது. இரண்டையும் கலந்து புதியவரைக் குறை சொல்லக் கூடாது.

பட்டியல் பழசாகாமல் இருக்க

குழு தொடர்ந்து நடக்கும், புதுக் குறிப்புகளும் வரும். மையத்தில் ஒருவர் மட்டும் பட்டியலுக்குப் பொறுப்பாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை அவர் குழுவைப் பார்த்து, புதிய குறிப்பு ஒவ்வொன்றையும் பழைய முறையிலேயே பிரிக்க வேண்டும்: பட்டியலுக்கா, அட்டைக்கா, வேண்டவே வேண்டாமா? ஒரு வரி சேர்த்தால், எடுக்கக்கூடிய வரி இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பட்டியல் ஒரு தாளின் ஒரு பக்கத்துக்குமேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். அடியில் கடைசியாகத் திருத்திய தேதியை எழுதுங்கள்.

குழுவில் பட்டியலை மேலே பின் செய்து வைக்கலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் அதற்குக் கால அளவு உண்டு, அது முடிந்ததும் தானாக நீங்கிவிடும். அச்சிட்ட தாள் ஒன்று மேசையில் இருப்பது நல்லது. புதிய பட்டியல் வந்ததும் பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். இரண்டு பட்டியல்கள் இருந்தால் புதியவர் கையில் பழையதுதான் கிடைக்கும்.

மையத்துக்கு வருபவர்களும் கவனிக்க

இந்தப் பட்டியலில் மூன்று வரிகளை நீங்களே சரிபார்க்கலாம். உங்கள் பெயர் தமிழில் எப்படி ஏறியிருக்கிறது என்று திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பதிவில் உள்ள கைபேசி எண் உங்களுடையதுதானா என்று படிக்கச் சொல்லுங்கள். விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் கிளம்பாதீர்கள். கவுண்டரில் இருப்பவர் அன்றைக்குத்தான் சேர்ந்தவராக இருந்தாலும், இந்த மூன்றும் சரியாக இருந்தால் பிறகு அலைய வேண்டியது பெருமளவு குறையும்.